அரை விரற்கடையில் இருபத்தொரு மாதம்

அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரம் பொதுவாக 2 ஆண்டுப் பத்திரத்தைவிடக் கூடுதல் வட்டி வருவாய் தரும். நீண்ட காலம் பணம் முடங்குகிறதே! சில சமயம் இது தலைகீழாகும். அந்த நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றிவைத்திருக்கும்; ஆனால் அது நெடுநாள் நீடிக்காது, இறங்கிவிடும் என்று பத்திரம் வாங்குபவர்கள் நினைப்பார்கள். இறங்குமுன் இன்றைய வட்டியை 10 ஆண்டுக்கு உறுதிப்படுத்திக்கொள்ள நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக் குவிப்பார்கள். விலை ஏறும், வருவாய் குறையும். ஆக, இந்தத் தலைகீழ் நிலை சொல்வது ஒன்றைத்தான்: வட்டி குறையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது.

இந்தக் கோட்டையும் பங்குக் குறியீட்டையும் ஒரே படத்தில் போட்டு, 'பாருங்கள், தலைகீழானது, சந்தை விழுந்தது' என்று காட்டுவார்கள். 40 ஆண்டு வரலாற்றை ஒரு சாண் அகலத்தில் அடைத்தால் இரண்டும் ஒட்டியபடிதான் தெரியும்.

2005 டிசம்பர் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது வளைகோடு தலைகீழாகத் தொடங்கியது. எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 1,250. அன்றே பங்குகளை விற்றவர் 2006 கோடையில் வந்த ஒரு சறுக்கலில் சற்றே மகிழ்ந்திருப்பார். பிறகு குறியீடு ஏறிக்கொண்டே போய், 2007 அக்டோபர் 9 அன்று 1,565-ல் உச்சம் தொட்டது. இடையில் ஏறக்குறைய 21 மாதம். படத்தில் இது அரை விரற்கடை. அவர் விற்ற விலைக்குக் கீழே குறியீடு மறுபடி இறங்கியது 2008 ஜூலையில்தான். கடைசியில் 2009 மார்ச்சில் 676 வரை விழுந்தபோது வளைகோடு எப்போதோ நிமிர்ந்துவிட்டிருந்தது.

2000 பிப்ரவரியில் தலைகீழானபோது இந்த இடைவெளி இரண்டு மாதம்கூட இல்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து நாள் குறிப்பது என் கணக்கில் வீண்வேலை. எண்ணிக்கை போதாது.

2022 ஜூலை முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் வளைகோடு தலைகீழாகவே இருந்தது. தொடங்கியபோது குறியீடு 3,830 அளவில். முடிந்தபோது 5,400-க்கு மேல். அந்தக் காலத்தில் அதிகாரப்பூர்வமாக மந்தநிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை. 2022 ஜூனில் 9 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் தணிந்தாலே வட்டி குறையலாம். அதற்கு மந்தநிலை வந்தாக வேண்டியதில்லை.

'தலைகீழாகும்போது அல்ல, மீண்டும் நிமிரும்போதுதான் ஆபத்து' என்று திருத்திச் சொல்பவர்களும் உண்டு. 2007 செப்டம்பர் 18 அன்று ஃபெடரல் ரிசர்வ் வட்டியை அரை சதவீதம் குறைத்தது. மூன்றே வாரத்தில் குறியீடு உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியது. 2024-ல் வளைகோடு நிமிர்ந்த கையோடு, அதே செப்டம்பர் 18 அன்று, அதே அரை சதவீதம் குறைத்தது. நவம்பரில் குறியீடு 6,000-ஐத் தாண்டியது.