பிறர் சொல் கேட்கும் மின்மூலம்

டிரான்சிஸ்டரின் பேஸ் முனையில் துளியளவு மின்னோட்டம் நுழைந்தால், கலெக்டர் முனையில் அதைப்போல நூறு மடங்கு மின்னோட்டம் பாயலாம். பேஸ் மின்னோட்டம் கூடினால் இதுவும் கூடும், நின்றால் இதுவும் நிற்கும். இப்படிச் சுற்றின் வேறோர் இடத்தைப் பார்த்துத் தன் அளவை வைத்துக்கொள்ளும் மூலத்துக்குச் சார்பு மூலம் என்று பெயர். படத்தில் இதைச் சாய்சதுரமாக வரைவார்கள்.

பொறியியல் மாணவர்கள் முதலில் தடுமாறும் இடமும் இதுதான். மூலத்தின் அளவு தெரிந்தால்தானே சுற்றைத் தீர்க்கலாம்? சுற்றைத் தீர்த்தால்தானே மூலத்தின் அளவு தெரியும்? இந்த முடிச்சைக் கணு மின்னழுத்த முறை எளிதாக அவிழ்க்கிறது. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஒரு தாளில் கீழே நீளமாகக் கோடு ஒன்று வரையுங்கள். அது கிரவுண்ட், அதன் மின்னழுத்தம் சுழி. மேலே இரண்டு புள்ளிகள் வையுங்கள். கம்பிகள் கூடும் இந்தப் புள்ளிகளே கணுக்கள். 14 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலிருந்து 2 ஓம் மின்தடை வழியாக முதல் கணுவுக்கு வருகிறோம். அங்கிருந்து ஒரு 4 ஓம் மின்தடை கிரவுண்டுக்கு இறங்குகிறது. அதில் கீழ்நோக்கிப் பாயும் மின்னோட்டம் ix. இரண்டு கணுக்களையும் இன்னொரு 2 ஓம் மின்தடை இணைக்கிறது. இரண்டாம் கணுவிலிருந்தும் ஒரு 4 ஓம் மின்தடை கிரவுண்டுக்குப் போகிறது. அதற்குப் பக்கத்தில் சாய்சதுரம்: கிரவுண்டிலிருந்து இரண்டாம் கணுவுக்குள் 2ix மின்னோட்டத்தை ஏற்றுகிறது.

கணுக்களின் மின்னழுத்தங்களை V1, V2 என்று வைப்போம். ஒரு கணுவை விட்டு வெளியேறும் மின்னோட்டங்களை எல்லாம் கூட்டினால் சுழி வரவேண்டும். கிர்க்காஃப் 1845-இல் சொன்ன விதி இது. முதல் கணுவில்:

(V1 − 14)/2 + V1/4 + (V1 − V2)/2 = 0

நான்கால் பெருக்கினால் 5V1 − 2V2 = 28. இரண்டாம் கணுவில் சார்பு மூலம் உள்ளே ஏற்றுவதால், அது கழித்தல் குறியோடு வரும்:

(V2 − V1)/2 + V2/4 − 2ix = 0

இப்போது மூன்று தெரியாதவை, இரண்டே சமன்பாடுகள். விடுபட்டது சார்பு மூலம் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். அந்த 4 ஓம் மின்தடையில் ஓம் விதியைப் போட்டால் ix = V1/4. கணு மின்னழுத்தங்களைக் கொண்டே எழுதிவிட்டதால் ix தனியாக நிற்பதில்லை. அதை மேலே இட்டு நான்கால் பெருக்கினால் 3V2 = 4V1. முதல் சமன்பாட்டோடு சேர்த்துத் தீர்த்தால் V1 = 12 வோல்ட், V2 = 16 வோல்ட், ix = 3 ஆம்பியர்.

பேட்டரியே 14 வோல்ட்தான், இரண்டாம் கணு எப்படி 16-க்கு ஏறியது? விடை தவறோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. சார்பு மூலமும் ஆற்றல் தரக்கூடியது என்பதே காரணம். அது 16 வோல்ட்டில் 6 ஆம்பியரை ஏற்றி 96 வாட் தருகிறது. பேட்டரி தருவது 14 வாட். மொத்தம் 110. நான்கு மின்தடைகளும் முறையே 2, 36, 8, 64 வாட் செலவழிக்கின்றன. அதுவும் 110. வரவும் செலவும் ஒத்துப்போவதால் விடை சரி.

அதிகம் நேரும் பிழை, சார்பு மூலத்தின் குறியை மாற்றி எழுதுவது. கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டால் V2 = 0, V1 = 5.6 என்று வரும். சமன்பாட்டில் திரும்பப் போட்டால் பொருந்தவே செய்யும், ஏனென்றால் சமன்பாடே தவறு. படத்தைப் பார்த்துச் சரிபார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: முதல் கணுவிலிருந்து 2.8, மூலத்திலிருந்து 2.8 என 5.6 ஆம்பியர் இரண்டாம் கணுவுக்குள் வருகிறது. வெளியேற ஒரு வழியிலும் ஓட்டமில்லை. ஆகவே விடையை எப்போதும் படத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2ix என்பதில் உள்ள 2-க்குப் பதிலாக k என்று வைத்தால், V1 = 84/(11 − 2k). k கூடக் கூட மின்னழுத்தம் ஏறும், 5.5-ஐத் தொட்டதும் கீழே சுழி வந்து, விடையே இல்லாமல் போகும். ஏற்றிய மின்னோட்டம் V1-ஐ உயர்த்த, V1 ix-ஐ உயர்த்த, அது மீண்டும் மூலத்தை உயர்த்தும் சுழல் இது. பேட்டரியும் மின்தடையும் மட்டும் உள்ள சுற்றில் இப்படி நேராது. உண்மையான பெருக்கியில் மின்னழுத்தம் எல்லையின்றி ஏறாது: சாய்சதுரம் தந்த அந்த 96 வாட்டும் அதன் பின்னால் இருக்கும் மின்வழங்கியிலிருந்தே வருகிறது, மின்வழங்கியால் தர முடிந்த அளவோடு ஏற்றம் நின்றுவிடும்.