விற்றது 250 பொட்டலம். போன அரிசி எவ்வளவு?

கிள்ளானில் என் சித்தி நடத்துவது உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத சமையலறை. உணவு விநியோகச் செயலிகளிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஆர்டர்களுக்கு மட்டும் சமைத்து அனுப்புவார். 'கிளவுட் கிச்சன்' என்று இப்போது எல்லாரும் சொல்வது இதைத்தான். விற்பனை நாசி லெமாக்கும், பொரித்த கோழியோடு சேர்ந்த நாசி லெமாக் செட்டும். டிப்ளோமா வகுப்பு இல்லாத நாள்களில் அங்கே சரக்குக் கணக்கைப் பார்ப்பது என் வேலை.

ஒவ்வொரு பொட்டலம் விற்கும்போதும் அதில் போன அரிசி, முட்டை, கச்சான், பெட்டி எல்லாம் கணக்கில் தானாகக் குறைய வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படுவது கணினி அல்ல, தராசு. "ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் சம்பல்" என்பது சமைப்பவருக்குப் போதும். கணக்குக்குக் கிராம் வேண்டும்.

சோற்றிலிருந்து தொடங்குவோம். எங்கள் பொட்டலத்தில் 200 கிராம் சோறு வைக்கிறோம். ஆனால் கடையில் வாங்குவது அரிசி, சோறு அல்ல. தேங்காய்ப் பாலும் தண்ணீரும் சேர்த்து 1 கிலோ அரிசியை ஆக்கி, அடிப்பிடித்ததை விட்டுவிட்டு நிறுத்துப் பார்த்தேன், 2.4 கிலோ சோறு வந்தது. ஆகவே 1 கிலோ அரிசிக்கு 12 பொட்டலம்; ஒரு பொட்டலத்துக்கு 83 கிராம் அரிசி. இந்த 2.4 என்பது எங்கள் அரிசிக்கும் எங்கள் பானைக்கும் உரிய எண். வேறு ரக அரிசி வாங்கினால் மறுபடியும் நிறுக்க வேண்டும்.

வெங்காயத்தில் கணக்கு எதிர்த் திசையில் போகும். தோலும் காம்பும் போனால் 1 கிலோ வெங்காயத்தில் எங்களுக்குக் கிடைப்பது 900 கிராம். சம்பலுக்கு உரித்த வெங்காயம் 1 கிலோ வேண்டுமென்றால் வாங்க வேண்டியது எவ்வளவு? பலரும் 10 விழுக்காடு கூட்டி 1.1 கிலோ என்பார்கள். சரியான வழி 1 கிலோவை 0.9-ஆல் வகுப்பது, விடை ஏறக்குறைய 1.11 கிலோ. இங்கே வேறுபாடு சிறியதுதான். பாதி எடை கழிவாகப் போகும் பொருளென்றால் கூட்டுகிறவர் 1.5 கிலோ வாங்குவார். தேவையோ 2 கிலோ.

சம்பல் தனிக் கதை. அதை யாரும் பொட்டலத்துக்கு ஒரு முறை கிண்டுவதில்லை. காய்ந்த மிளகாய் 250 கிராம், உரித்த வெங்காயம் 1 கிலோ, மற்றவையும் சேர்த்து ஒரு சட்டி கிண்டினால் எங்களுக்கு 1.8 கிலோ சம்பல் வருகிறது. பொட்டலத்துக்கு 45 கிராம் வைத்தால் 40 பொட்டலம். அதனால் சம்பலுக்கென்று தனிச் செய்முறை உண்டு. சட்டி இறங்கியதும் மிளகாயும் வெங்காயமும் கணக்கில் குறைந்து, 'சம்பல் 1.8 கிலோ' சரக்காக ஏறும். பிறகு விற்பனையில் சம்பல்தான் குறையும். இப்படிப் பிரிக்காவிட்டால், குளிர்பெட்டியில் இரண்டு நாள் சம்பல் இருக்கும்போதும், அதற்குள் போய்விட்ட மிளகாயைக் கணக்கு இன்னும் டப்பாவில் இருப்பதாகவே காட்டும். அதை நம்பினால் சனிக்கிழமை மாலை மிளகாய் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்கவில்லை. ஒரு விரிதாளில் இரண்டு பக்கங்கள். Recipe பக்கத்தில் A-இல் உணவின் பெயர், B-இல் பொருள், C-இல் ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு. Sales பக்கத்தில் A-இல் உணவு, B-இல் விற்ற எண்ணிக்கை. Recipe பக்கத்தின் D-இல் இதை எழுதினால் போதும்:

```
=C2*SUMIF(Sales!A:A,A2,Sales!B:B)
```

அந்த உணவு எத்தனை விற்றது என்று தேடி, பொருளின் அளவால் பெருக்கிக் கொடுக்கும். அரிசி இரண்டு உணவிலும் இருப்பதால், பொருள்வாரியாகக் கூட்ட இன்னொரு SUMIF வேண்டும். செட்டுக்குத் தனி வரிகள் இருக்க வேண்டும். "கூடுதல் முட்டை" கேட்பவர்களுக்கு அதையே ஓர் உணவாக எழுதி வைத்தோம். சமைத்த பிறகு ரத்தாகும் ஆர்டரையும் மீந்துபோன சோற்றையும் 'கழிவு' என்று தனியே பதிய வேண்டும். இரண்டும் விற்பனையில் வராது, ஆனால் பொருள் போயிருக்கும்.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது இருக்க வேண்டிய சரக்கு. உண்மையில் இருக்கும் சரக்கைக் கையால் நிறுத்துத்தான் அறிய முடியும். இரண்டுக்கும் இடையே விழும் இடைவெளிக்காகத்தான் இந்த ஏற்பாடே என்பேன்.

ஒரு வாரம் நடந்ததைச் சொல்கிறேன். திங்கள் காலை 25 கிலோ அரிசி இருந்தது. ஞாயிறு இரவுவரை நாசி லெமாக் 210, செட் 40, மொத்தம் 250 பொட்டலம். அதற்கு அரிசி 20.8 கிலோ. பதிவான மீந்த சோறு 1.2 கிலோ, அரிசியாக மாற்றினால் அரை கிலோ. இருக்க வேண்டியது 3.7 கிலோ. நிறுத்தால் 2.1 கிலோதான் இருந்தது.

"ஒன்றரைக் கிலோவுக்கு மேல எங்கடா போச்சு?" என்றார் சித்தி. அவர் பார்வை, பொட்டலம் கட்ட உதவிக்கு வரும் அக்கா பக்கம் திரும்பியதைக் கவனித்தேன். பதிவு செய்யாமல் யாராவது விற்றுவிட்டார்களோ என்ற சந்தேகம் அது.

"பொறுங்க சித்தி, முதல்ல பெட்டிய எண்ணுவோம்" என்றேன். பதிவில்லாமல் விற்றிருந்தால் பெட்டியும் குறைந்திருக்கும், முட்டையும் குறைந்திருக்கும். பெட்டி சரியாக 250 போயிருந்தது. பொட்டலத்துக்குப் பாதி என்ற கணக்கில் முட்டையும் 125. அரிசி மட்டும்தான் இடித்தது. ஒரே ஒரு பொருள் குறைந்தால் பெரும்பாலும் அளவில்தான் கோளாறு.

கட்டி வைத்திருந்த பத்துப் பொட்டலங்களைப் பிரித்து, சோற்றை மட்டும் நிறுத்தோம். சராசரி 215 கிராம். அந்த வாரம்தான் பழைய கிண்ணம் விரிசல் விட்டதென்று சித்தி புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். அது கொஞ்சம் ஆழம். பொட்டலத்துக்கு 15 கிராம் என்றால் 250-க்கு 3,750 கிராம் சோறு. அதை 2.4-ஆல் வகுத்தால் 1.56 கிலோ அரிசி. காணாமல் போன 1.6 கிலோ ஏறக்குறைய அப்படியே கிடைத்துவிட்டது. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சித்தி கிண்ணத்தின் உள்பக்கம் ஒரு கோடு போட்டார்.

எல்லாவற்றையும் இப்படிப் பிடிக்க முடியாது. கோழி பொரிக்கும் எண்ணெயைப் பொட்டலக் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். எண் ஒருநாளும் ஒத்துவரவில்லை. எவ்வளவு உறிஞ்சியது, எப்போது மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். உப்பும் அப்படித்தான். இந்த இரண்டையும் செய்முறையிலிருந்து எடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை டின்னைப் பார்த்து எழுதுகிறோம். மற்றபடி அரிசி, கோழி, நெத்திலி, முட்டை, பெட்டி ஆகிய ஐந்தையும் ஞாயிறு இரவு எண்ணி நிறுக்கிறோம். கடை மூடிய பிறகு இருபது நிமிட வேலை. ஒருவர் நிறுக்க, இன்னொருவர் எழுதுவார்.