ஒரு லேயர் மட்டும் வேண்டும்

கல்யாணப் பத்திரிகையானாலும் கோயில் திருவிழா நோட்டீஸானாலும் டிசைன் கடைக் கணினியில் அது பெரும்பாலும் பி.எஸ்.டி. ஃபைலாகத்தான் இருக்கும். மஞ்சள் பின்னணி, கோலம், புகைப்படம், எழுத்து எல்லாம் தனித்தனி லேயர். சில நாள் கழித்து வாடிக்கையாளர் வருவார்: "அந்தக் கோலத்தை மட்டும் தனியாக் கொடுங்கண்ணே, தாம்பூலப் பையில போடணும்."

ஃபோட்டோஷாப்பில் இது இரண்டு கிளிக் வேலைதான். Layers பேனலில் கோல லேயரின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து Quick Export as PNG கொடுத்தால் படம் தனி ஃபைலாக வந்துவிடும். திறந்து பார்த்தால் கோலத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் நிற்கும். பத்திரிகையில் அந்த வெள்ளை இல்லவே இல்லை. இப்போது எங்கிருந்து வந்தது?

அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்த கோலத்தை ஸ்கேன் செய்து, லேயரை Multiply முறையில் வைத்திருப்பார்கள். அந்த முறையில் வெள்ளை, தனக்குக் கீழே உள்ள நிறத்தை மாற்றாமல் அப்படியே விட்டுவிடும். அதனால் கீழிருக்கும் மஞ்சள் மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. லேயரைத் தனியே பிரித்ததும் கீழே மஞ்சள் இல்லை. வெள்ளை வெள்ளையாகவே வெளியே வருகிறது. திரையில் நாம் பார்ப்பது எல்லா லேயர்களும் சேர்ந்த விளைவு. ஏற்றுமதி செய்யும்போது கிடைப்பது அந்த ஒரு லேயரில் உண்மையில் இருப்பது மட்டுமே. இந்த வேலையில் வரும் குளறுபடிகளில் பாதிக்குமேல் இந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகின்றன.

வெள்ளையை நிஜமாகவே நீக்க ஒரு நல்ல வழி உண்டு. கோல லேயரின் நகல் ஒன்றை எடுத்து, மற்ற லேயர்களின் கண் குறியை அணைத்துவிடுங்கள். Ctrl+L அழுத்தி Levels-இல் தாளின் வெள்ளையைத் தூய வெள்ளையாக்குங்கள். அடுத்து Channels பேனலில் RGB என்ற சிறு படத்தை Ctrl அழுத்திக் கிளிக் செய்தால் வெளிச்சமான பகுதிகள் தேர்வாகும். Shift+Ctrl+I அந்தத் தேர்வைத் தலைகீழாக்கும். இப்போது கோலக் கோடுகள் மட்டும் பிடிபட்டிருக்கும். புதிய லேயர் ஒன்றைத் திறந்து வேண்டிய நிறத்தை நிரப்புங்கள். கோடுகளின் ஓரம் மென்மையாகவே இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. இந்த லேயரைத்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும். Levels-ஐத் தாண்டிவிட்டு நேரே வந்தால் தாளின் லேசான சாம்பல் நிறம் புகைபோல ஒட்டிக்கொள்ளும். அடியில் ஓர் அடர்நிற லேயர் போட்டுப் பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும்.

புகைப்பட லேயரிலும் இதே கதைதான். மேலே Curves போன்ற ஒரு திருத்த லேயர் போட்டு முகத்தைப் பளிச்சென்று ஆக்கியிருப்பார்கள். புகைப்படத்தை மட்டும் எடுத்தால் பழைய மங்கல் முகம்தான் கிடைக்கும். இரண்டு லேயர்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Ctrl+G அழுத்திக் குழுவாக்கி, அந்தக் குழுவை ஏற்றுமதி செய்தால் சரியாகிவிடும். அந்த லேயருக்கே கொடுத்த நிழல், கோடு போன்ற Layer Style-களுக்கு இந்தக் கவலை வேண்டாம். அவை கூடவே வரும்.

அடுத்தது இடம். லேயரைத் தனியே எடுத்தால் சுற்றியுள்ள வெற்றிடம் வெட்டப்பட்டு, உருவத்தின் அளவுக்கே படம் வரும். தாம்பூலப் பைக்கு அது வசதி. ஆனால் 1080 × 1350 பிக்சல் போஸ்டரில் இடது மூலையில் இருக்கும் சின்னத்தை வீடியோவில் அதே இடத்தில் ஏற்ற வேண்டுமென்றால் அது போதாது. Export As பெட்டியில் Canvas Size-ஐப் பெரிதாக்கினால் சின்னம் நடுவுக்கு வந்துவிடும். அதற்குப் பதிலாக, அந்த லேயரின் கண் குறியை Alt அழுத்திக் கிளிக் செய்யுங்கள். மற்றவை எல்லாம் மறையும். பிறகு File மெனுவில் Export வழியாக முழு ஃபைலையும் பி.என்.ஜி.யாக எடுத்தால் சின்னம் தன் இடத்திலேயே இருக்கும். மறுபடி Alt கிளிக் செய்தால் எல்லாம் திரும்பத் தெரியும்.

ஆர்ட்போர்டில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஃபோட்டோஷாப்பில் 2015 பதிப்பில் வந்த இந்த வசதியில், ஒரே ஃபைலுக்குள் இன்ஸ்டாகிராமுக்கு ஒரு சட்டம், பேனருக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்ட்போர்டை ஏற்றுமதி செய்தால் அதிலுள்ள எல்லா லேயர்களும் சேர்ந்து, சட்டத்தின் முழு அளவில் வரும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வெட்டுப்படும். பின்னணி வேண்டாமென்றால் Properties பேனலில் ஆர்ட்போர்டின் பின்னணியை Transparent ஆக்க மறக்கக் கூடாது, இல்லையேல் வெள்ளை திரும்பவும் வந்து நிற்கும்.

இவ்வளவும் செய்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிவிடாதீர்கள். அது ஜேபெக்காக மாறிப் பின்னணியின் வெறுமை போய்விடும். டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள். வாங்குபவரிடமும் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.