தன்பிணையும் ஆட்பிணையும்

பிணை என்னும் சொல் கட்டு என்னும் பொருளை உடையது. களத்திலே சூடு மிதிக்கும் எருதுகளை ஒரே கயிற்றால் ஒன்றோடொன்று தொடுத்துக் கட்டுவதைப் பிணைத்தல் என்பர். அவ்வாறு கட்டப்பட்ட எருதுகளுள் ஒன்று விலகி ஓடின் மற்றையதும் இழுபடும். நீதிமன்றத்திலே பிறரொருவருக்காகப் பிணை நிற்பவரின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே. எனினும், அக்கயிறு எவ்வளவு நீளமானது, எதனோடு கட்டப்பட்டது, எப்பொழுது அவிழ்க்கப்படும் என்பனவற்றை அறியாமலே உறவினர் பொருட்டும் அயலவர் பொருட்டும் பிணைமுறியிற் கையொப்பமிடுவோர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பலர். ஆதலின், குற்றஞ் சாட்டப்பட்டவர் தம்முடைய முறியிலேயே விடப்படுவதற்கும் ஆட்பிணையில் விடப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டையும், பிணையாளர் ஏற்கும் கடமைகளையும் ஈண்டு நோக்குவது பொருத்தமாகும்.

இலங்கையில் இவ்விடயத்தை ஆளும் தலையாய சட்டம் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டமாகும். பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்று அது தன் தொடக்கத்திலேயே கூறுகின்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளையும், பிணை பற்றித் தமக்கெனத் தனி ஏற்பாடுகளை உடைய பிற சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளையும் அச்சட்டம் இயற்றப்பட்டபோதே தன் எல்லைக்குப் புறம்பாக்கியது. எஞ்சியவற்றில், நீதிமன்றம் ஒருவரை விடுவிக்கத்தக்க முறைகளை ஏழாம் பிரிவு ஒழுங்காக அடுக்குகின்றது. அழைக்கும்போது வருவேன் என்ற வெறும் வாக்குறுதி முதலாவது. அவர் தாமே எழுதிக் கொடுக்கும் முறி இரண்டாவது. ஒருவரோ பலரோ பிணையாளராக நிற்கும் முறி மூன்றாவது. பணத்தை வைப்பிலிடுவது நான்காவது. சான்றுபடுத்தப்பட்ட பிணை ஐந்தாவது. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதுமே நமது பொருள். இரண்டாவதைத் தன்பிணை என்றும், மூன்றாவதை வழக்கிலுள்ளவாறே ஆட்பிணை என்றும் இக்கட்டுரை வழங்கும். செய்தித்தாள்களிற் காணப்படும் சரீரப் பிணை என்னும் தொடரும் ஆட்பிணையையே குறிக்கும்.

சரீரப் பிணை என்ற பெயரைக் கேட்போர் சிலர், எதிரி ஓடிவிட்டால் பிணையாளரின் உடல் அவருக்கு ஈடாகச் சிறை புகும் என்று அஞ்சுகின்றனர். வேறு சிலரோ, பணம் கட்டவில்லை, கையொப்பந்தானே என்று எளிதாக எண்ணிவிடுகின்றனர். இரண்டும் பிழை. முறியிற் குறிக்கப்படும் தொகை அன்றைய தினம் எவராலும் செலுத்தப்படுவதில்லை. அது நிபந்தனையோடு கூடிய ஒரு வாக்கு. எதிரி குறித்த தவணைகளில் மன்றுக்குச் சமூகமளித்தால் அவ்வாக்கு வலுவற்றுப் போகும். சமூகமளியாவிடின் அத்தொகை அரசுக்குச் செலுத்த வேண்டிய கடனாக எழுந்து நிற்கும். தன்பிணையில் அக்கடனுக்கு உரியவர் எதிரி ஒருவரே. ஆட்பிணையில் எதிரியோடு பிணையாளர் ஒவ்வொருவரும் தத்தம் தொகைக்குக் கட்டுண்டவராவர். வேறுபாடு முழுவதும் இதனுள் அடங்கும்.

அவ்வாறாயின், ஒருவரைத் தன்பிணையில் விடுவதா, ஆட்பிணை கேட்பதா என்பதை நீதவான் எதனைக் கொண்டு தீர்மானிக்கின்றார்? எதிரி திரும்பி வருவாரா என்பதே அடிப்படை வினா. நிலையான வீடு, குடும்பம், தொழில், முன்னைய நடத்தை, சாட்டப்பட்ட குற்றத்தின் தன்மை ஆகியவை அவரை ஊரோடு கட்டி வைத்திருக்குமாயின், மேலும் ஒரு கயிறு தேவைப்படுவதில்லை. அக்கட்டுத் தளர்ந்ததாகத் தோன்றும்போதே, அவர்மீது செல்வாக்குடைய இன்னொருவரை மன்று தேடுகின்றது. ஆகவே, ஆட்பிணையின் நோக்கம் திறைசேரியை நிரப்புவதன்று. தன் பொருட்டு மைத்துனர் இழப்படைவார் என்ற எண்ணம் எதிரியின் காலைத் தடுக்கும் என்பதே அதன் உள்ளீடு.

அந்நோக்கத்தை மறந்தால் நிகழும் அநீதிக்கு இந்தியாவின் மோதிராம் வழக்கு நல்ல சான்று. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாரான அவ்வேழைக்குப் பிணை வழங்கலாமென உச்ச நீதிமன்றம் பணித்த பின்னர், கீழ் நீதிமன்ற நீதவான் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணையாளர் வேண்டுமென்றார். பிணை நிற்க முன்வந்த உடன்பிறந்தாரோ, அவரும் அவரது சொத்தும் வேறு மாவட்டத்தில் இருந்தமையால் ஏற்கப்படவில்லை. 1978இல் இவ்விடயம் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, நீதியரசர் கிருஷ்ண ஐயர் அம்மறுப்பைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்த் தன்பிணையில் அவரை விடுவிக்கப் பணித்தார். பிணை கிடைத்தும் பிணையாளர் கிடையாமையால் மறியலில் இருப்பவர் உண்மையில் வறுமைக்காகவே மறியலில் இருக்கிறார். இலங்கையிலும், பிணையாளர் கிடையாதவர் தொகையைக் குறைக்குமாறோ, தம்மைத் தன்பிணையில் விடுமாறோ மன்றை வேண்டலாம்.

இனி, பிணையாளர் கடமைகளை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். வலிகாமத்திலே வேலித் தகராறு ஒன்றில் அயலவருக்குக் காயம் விளைவித்ததாக ஒரு கமக்காரர் மல்லாகம் நீதவான் நீதிமன்றில் முற்படுத்தப்பட்டார் எனக் கொள்க. தலா இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு ஆட்பிணைகளில் அவரை விடுவிக்க நீதவான் கட்டளையிட்டார். அவருடைய மைத்துனரும், சிறுபராய நண்பரும் முன்வந்தனர். கிராம அலுவலரிடம் பெற்ற வதிவிடச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் காட்டி, மன்றின் வினாக்களுக்கு விடையளித்து, முறியிற் கையொப்பமிட்டனர். இங்கேயே அவர்களது முதற் கடமை தொடங்குகின்றது: தம் இருப்பிடம், தொழில், வருவாய், வேறு வழக்குகளில் ஏற்கெனவே பிணை நிற்கின்றமை ஆகியவற்றை மறையாது கூற வேண்டும். பொய் கூறிப் பிணை நிற்பவர் தம்மீதே ஒரு வழக்கை வருவித்துக்கொள்கிறார்.

இரண்டாவது கடமை, எதிரியை ஒவ்வொரு தவணைக்கும் வரச் செய்வது. அவர் குற்றமற்றவர் என்றோ, தண்டப்பணத்தைக் கட்டுவார் என்றோ பிணையாளர் உறுதியளிப்பதில்லை. வருவார் என்றே உறுதியளிக்கிறார். ஆதலால் அடுத்த தவணை எந்நாள் என்பதைத் தாமும் குறித்து வைத்து, முந்திய நாளே நினைவூட்டி, எதிரி நோயுற்றால் வைத்தியச் சான்றிதழோடு அதனைச் சட்டத்தரணி மூலம் மன்றுக்கு அறிவிக்கச் செய்வது விவேகமாகும். ஒரு தவணைக்கு வந்துவிட்டார், கடமை தீர்ந்தது என்று கருதலாகாது. மன்று வேறு விதமாகப் பணிக்கும் வரையும் முறி உயிரோடிருக்கும். மேன்முறையீட்டுக் காலத்துக்கு வழங்கப்படும் பிணையோ வேறொன்று. அதற்குப் புதிய முறி வேண்டும்.

நமது கமக்காரர் இரண்டு தவணைகளுக்கு ஒழுங்காக வந்தார். பின்னர் மாடுகளை விற்றார். நீர் இறைக்கும் இயந்திரத்தை விற்றார். வெளிநாட்டுக்குப் புறப்படுகிறார் என்ற பேச்சும் ஊரில் எழுந்தது. இதுவே பிணையாளர் விழித்துக்கொள்ள வேண்டிய இடம். மைத்துனர் காலந்தாழ்த்தாது மன்றுக்குச் சென்று, தம்மைப் பிணையிலிருந்து விடுவிக்குமாறு விண்ணப்பித்தார். பிணையாளர் எவரும் எந்நேரத்திலும் இவ்வாறு விண்ணப்பிக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இடமளிக்கின்றது. நீதவான் பிடியாணை அனுப்பிக் கமக்காரரை வரவழைத்து, மைத்துனரின் முறியை நீக்கி, வேறு பிணையாளரைக் காட்டுமாறு பணித்தார். அவ்வாறு காட்டாவிடின் அவர் விளக்கமறியலுக்குச் செல்ல நேர்ந்திருக்கும். அவரோ வேறொருவரைத் தேடிப் பிடித்து வெளியே வந்துவிட்டார். நண்பர் மாத்திரம், மன்றுக்குப் போனால் உறவு முறிந்துவிடுமே என்று வாளாவிருந்தார்.

அடுத்த தவணையில் எதிரி வரவில்லை. அவர்மீது பிடியாணை பிறந்தது. முறி மீறப்பட்டமை பதிவாயிற்று. நண்பருக்கும் புதிய பிணையாளருக்கும், இரண்டு இலட்சம் ரூபாவைச் செலுத்துக, அன்றேல் செலுத்தாமைக்குக் காரணம் காட்டுக என்று அறிவித்தல் சென்றது. இவ்வறிவித்தலுக்கு மறுமொழி கூறுவது பிணையாளரின் மூன்றாவது கடமை. அஞ்சி ஒளித்துக்கொள்வோர் தமக்கிருக்கும் ஒரே வாய்ப்பையும் இழக்கின்றனர். எதிரி வைத்தியசாலையில் இருந்தார் என்பது போன்ற தக்க காரணம் காட்டப்பட்டால் மன்று அதனை ஏற்கலாம். பிணையாளர் எடுத்த முயற்சிகளைக் கருதித் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. காரணமும் இல்லை, பணமும் இல்லை என்றால், அசையும் சொத்தைக் கைப்பற்றி விற்று அறவிடப்படும். அவ்வாறும் அறவிட இயலாவிடின் பிணையாளர் மறியலுக்கும் ஆளாகலாம். ஆயினும் அது எதிரி செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கான தண்டனையன்று. தாம் கொடுத்த வாக்கை நிறைவேற்றாமையின் விளைவு. நண்பர் பணத்தைச் செலுத்திய பின்பும் எதிரிமீதான பிடியாணை நீங்குவதில்லை.

ஈண்டு நண்பர் சொல்லக்கூடிய ஒரு மறுப்பைக் கவனிக்க வேண்டும்: “கமக்காரருக்குக் காணி உண்டு, முதலில் அதனை எடுத்துவிட்டு என்னிடம் வாருங்கள்.” பணக்கடனுக்குப் பிணை நின்றவர், அவ்வுரிமையைத் தாமே கைவிட்டிராவிடின், இவ்வாறு கூற முடியும். நம் நாட்டில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டம், முதலிற் கடனாளியின் பொருளைத் தேடுமாறு கோரும் உரிமையை அவருக்கு அளிக்கின்றது. நீதிமன்றப் பிணையாளருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் எதிரியின் கடனுக்குப் பின்னால் நிற்பவரல்லர். அரசோடு தாமே நேரே வாக்குச் செய்தவர். கடன் பிணையையும் மன்றுப் பிணையையும் ஒன்றெனக் கருதுவதால் ஏமாறியோர் உளர்.

எதிரியிடமோ அவர் குடும்பத்தாரிடமோ முன்னதாகவே அத்தொகையை வாங்கி வைத்துக்கொண்டால் இழப்பில்லையே என்று நினைப்பதும் தவறு. 1885இல் ஹேர்மன் எதிர் யூக்னர் என்ற வழக்கில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், நன்னடத்தைப் பிணைக்காக நின்ற ஒருவரிடம் பிணைக்கப்பட்டவர் ஈடாகக் கொடுத்து வைத்த பணத்தைப் பற்றிய உடன்படிக்கை சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்தது. காரணம் வெளிப்படை. தமக்கு இழப்பு வராதென அறிந்த பிணையாளர் எதிரியைக் கண்காணிக்கமாட்டார். ஆட்பிணை வெறும் காசுப் பிணையாகிவிடும். கூலி பெற்றுக்கொண்டு முன்பின் அறியாதவருக்காகக் கையொப்பமிடுவதும் இதே குறைபாட்டை உடையது.

எனவே, பிணை நிற்குமாறு கேட்கப்படுபவர் கையொப்பமிடுமுன் தமக்குள்ளே வினவ வேண்டியவை மூன்று. முறியிலுள்ள தொகையைத் தாம் இழக்க நேரிட்டால் தாங்க முடியுமா? எதிரியின் நடமாட்டத்தை வழக்கு முடியும்வரை அறியத்தக்க அளவு அவரோடு நெருக்கம் உண்டா? ஐயம் எழும் அன்றே, உறவு கசந்தாலும், மன்றுக்குச் செல்லத் துணிவு உண்டா? தாமே வெளிநாடு செல்ல எண்ணியிருப்பவர், புறப்படுமுன் முறியிலிருந்து முறைப்படி நீங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இதனோடு சேரும். கடல் கடந்து சென்றதனால் முறி அறுந்துவிடுவதில்லை. எடுத்துக்காட்டில் வந்த மைத்துனரும் நண்பரும் ஒரே நாளில், ஒரே தொகைக்கு, ஒரே மனிதருக்காகவே கையொப்பமிட்டனர். ஒருவர் இரண்டு இலட்சம் ரூபாவைக் காத்துக்கொண்டதும் மற்றவர் இழந்ததும், மூன்றாவது வினாவுக்கு அவர்கள் அளித்த விடையினாலேயே ஆகும்.