அட்டை மாதிரியும் கைபேசியும் கொண்டு முப்பரிமாணக் காட்சியைத் திட்டமிடுதல்

முப்பரிமாணக் கணினிக் காட்சி ஒன்றில் பாத்திரங்கள் எங்கே நிற்கும், எப்படி நகரும், கேமரா எங்கிருந்து பார்க்கும் என்பதை முடிவு செய்வதே பிளாக்கிங் ஆகும். மாடலிங் தொடங்குவதற்கு முன்பே அட்டையால் சிறு அறை செய்து, அதைக் கைபேசியால் படமெடுத்து இதைச் சோதித்துவிடலாம். 1983இல் வெளியான 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' திரைப்படத்தின் காட்டுத் துரத்தல் காட்சியும் பொம்மைகளையும் சிறிய வீடியோ கேமராவையும் கொண்டு இவ்வாறு முன்கூட்டியே திட்டமிடப்பட்டது.

அளவு

1:10 அளவு வசதியானது. உண்மையில் 1 மீட்டர் என்பது அட்டையில் 10 செ.மீ. ஆகும். 4 மீ. நீளம், 3 மீ. அகலம் கொண்ட அறை 40 × 30 செ.மீ. தரையாகிறது, 1.6 மீ. உயரமுள்ள மனிதர் 16 செ.மீ. அட்டை உருவமாகிறார். இதைவிடச் சிறிதாகச் செய்தால், மிக அருகிலுள்ள பொருளைக் கைபேசியால் தெளிவாகக் குவிக்க முடியாது. தரையில் 10 செ.மீ. கட்டங்கள் வரைந்துகொள்ள வேண்டும். சுவர்களைத் தனித்தனியே கழற்றும்படி அமைத்தால் கைபேசியை வைக்க இடம் கிடைக்கும்.

கேமராவின் உயரம்

பலர் கைபேசியை மேலே பிடித்து, கீழ்நோக்கிப் படமெடுக்கிறார்கள். 30 செ.மீ. உயரம் என்பது உண்மையில் 3 மீட்டர். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிவார்கள். யார் யாரை மறைக்கிறார் என்பது மட்டும் தெரியாது. அமர்ந்திருப்பவரின் கண் மட்டம் ஏறத்தாழ 1.2 மீட்டர் என்பதால், லென்ஸ் தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு புத்தகங்களின் மேல் கைபேசியை வைக்க வேண்டும். கையில் பிடிக்கக் கூடாது. கை 1 செ.மீ. அசைந்தால், உண்மைக் கேமரா 10 செ.மீ. அசைந்ததற்குச் சமம்.

லென்ஸின் குவியத் தூரம்

கைபேசி எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்று தெரியாவிட்டால், அட்டையில் சரியாக அமைந்த காட்சி கணினியில் மாறிவிடும். சுவரில் அளவு நாடாவைக் கிடையாக ஒட்டி, லென்ஸை அதற்கு நேராக 30 செ.மீ. தள்ளி வையுங்கள். திரையில் 42 செ.மீ. நாடா தெரிகிறது என்று கொள்வோம்.

```
36 × 30 / 42 = 25.7
```

பிளெண்டர் மென்பொருளில் சென்சார் அகலம் இயல்பாகவே 36 மி.மீ. ஆகும். எனவே அங்கே Focal Length மதிப்பை 26 மி.மீ. என்று கொடுக்க வேண்டும். புகைப்படத்தைவிட வீடியோவில் பல கைபேசிகள் ஓரங்களை வெட்டிவிடுகின்றன. ஆகவே, எந்த முறையில் படமெடுக்கப் போகிறோமோ அதே முறையில் அளக்க வேண்டும்.

ஒரு காட்சி

பாட்டி மேசையின் வலப்புறம் அமர்ந்திருக்கிறார். இடச்சுவரில் உள்ள கதவு வழியாகப் பேரன் கடிதத்துடன் வருகிறான். முன்சுவரைக் கழற்றிவிட்டோம். கேமரா முன்பக்க இடமூலையில் உள்ளது. பாட்டி இடச்சுவரிலிருந்து 30 செ.மீ., முன்சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறார். பேரன் மேசைக்கு இப்பக்கம், இடச்சுவரிலிருந்து 16 செ.மீ., முன்சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி நிற்கும்படி முதலில் வைக்கிறோம். படமெடுத்துப் பார்த்தால், பாட்டி நிமிர்ந்து பார்க்கும் வேளையில் அவர் முகத்தைப் பேரனின் உடல் முழுவதுமாக மறைக்கிறது. அவனை 10 செ.மீ. பின்னே தள்ளி, மேசைக்கு அப்பக்கம் நிறுத்தினால் இருவரும் தெரிகிறார்கள்.

இந்தக் கோணத்தில் கதவு தெரியவில்லை என்பதையும் படம் காட்டுகிறது. ஆகவே அவன் நுழைவதை முன்பக்க வலமூலையிலிருந்து இரண்டாவது ஷாட்டாக எடுக்க வேண்டும். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். இரண்டு கேமராக்களும் நூலுக்கு ஒரே பக்கத்தில் இருப்பதால், ஷாட் மாறும்போது இருவரும் இடம் வலம் மாறித் தோன்றமாட்டார்கள். முன்சுவர் எந்த ஷாட்டிலும் வரவில்லை. எனவே அதை மாடல் செய்யவே தேவையில்லை.

கணினிக்கு மாற்றுதல்

ஒவ்வொரு ஷாட்டுக்கும் லென்ஸின் இடம், உயரம், நோக்கும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிளெண்டரில் வெறும் பெட்டிகளால் அறையை அமைக்க வேண்டும். கேமராவின் Background Images பகுதியில் கைபேசிப் படத்தை ஏற்றி, பெட்டிகள் அதனுடன் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். அருகிலுள்ளவை, தொலைவிலுள்ளவை எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால், தவறு Focal Length மதிப்பில் இருக்கிறது. தொலைவிலுள்ளவை ஏறக்குறைய பொருந்தி, அருகிலுள்ளவை மட்டும் அதிகம் விலகினால், கேமராவின் இடமோ உயரமோ தவறு.

வரம்புகள்

அட்டை உருவங்களை நகர்த்தும் கை பெரும்பாலும் அவசரப்படும். இயல்பாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் கடப்பார். அட்டையில் அது 14 செ.மீ. மட்டுமே. நொடிகளை எண்ணிக்கொண்டு நகர்த்தாவிட்டால், ஷாட்டின் நீளத்தைத் தவறாகக் கணித்துவிடுவோம். முகபாவத்தையும் ஒளியமைப்பையும் இம்முறையால் சோதிக்க முடியாது. இடம், மறைப்பு, கேமராக் கோணம் ஆகிய மூன்றுக்கே இது உரியது.