பேர் இங்கிலீஷில், ‘கடன் கிடையாது’ தமிழில்! கடை போர்டு சொல்லும் ரகசியம்

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மொபைலை ஓரமா வெச்சிட்டு எதிரே இருக்கிற கடை போர்டுகளைப் பாருங்க. எந்த மொழிக்கு நம்ம ஊரில் என்ன மரியாதை என்பதை அவை சொல்லிவிடும்.

இதைப் படிக்கவே ‘மொழி நிலக்காட்சி’ என்றொரு துறை இருக்கிறது. கனடாவின் லாண்ட்ரி, பூரி என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது பிரபலமானது. ஒரு தெருவில் உள்ள எல்லா போர்டுகளையும் போட்டோ எடுத்து, மூன்று கேள்விகளைக் கேட்பார்கள்: வைத்தது யார்? எந்த மொழி மேலே, பெரிதாக இருக்கிறது? எந்த மொழியில் என்ன தகவல்?

முதல் கேள்விக்கு அரியலூர் போகலாம். பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது, அரியலூரில் உண்டு. அங்கே பெயர்ப்பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கும். அதனால் ஊரே இந்தி பேசுகிறது என்று அர்த்தமில்லை. அது ரயில்வேயின் விதி. ஆனால் ஒரு டீக்கடைக்காரர் தானாகவே இந்தியில் விலைப்பட்டியல் ஒட்டினால் கதை வேறு. வாடிக்கையாளர் மாறியிருக்கிறார் என்று அர்த்தம். ‘மேலிருந்து’ வந்த போர்டையும் ‘கீழிருந்து’ வந்த போர்டையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு தப்பாகிவிடும்.

அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு மொபைல் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் ஒரு அடி உயர ஆங்கில எழுத்தில். அதன் கீழே மூன்று அங்குலத்தில் ‘மொபைல்ஸ் & ஆக்சஸரீஸ்’. கண்ணாடிக் கதவில் தமிழில், ‘கடன் கேட்காதீர்’. தமிழ் இருக்கிறது, ஆனால் அதற்குக் கிடைத்த வேலை என்ன? கெத்து காட்டுவது ஆங்கிலம், எல்லோருக்கும் புரிய வேண்டியதைச் சொல்வது தமிழ். மொழியின் அந்தஸ்து இந்த வேலைப் பிரிவினையில்தான் தெரிகிறது.

சட்டம் இதற்கு நேர் எதிர். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-ன்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மை. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அரசின் விதிமுறை.

இங்கே ஒரு சிக்கல். ‘மொபைல்ஸ்’ தமிழா, ஆங்கிலமா? எழுத்து தமிழ், சொல் ஆங்கிலம். எழுத்தைப் பார்த்தால் அது தமிழ்க் கணக்கில் பாஸ், சொல்லைப் பார்த்தால் ஃபெயில். அதனால் எழுத்தையும் சொல்லையும் தனித்தனி பத்தியில் குறிப்பதுதான் சரியான முறை.

போர்டு சொல்லாததும் உண்டு. இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. கடைத்தெரு போர்டில் தெலுங்கைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம். பேசுகிற எல்லா மொழியும் போர்டு ஏறுவதில்லை.

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் பத்தே பத்து கடைகளை போட்டோ எடுத்து, அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்களேன்!