வங்கிக்குப் போகுமுன் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

எலுவன்குளத்தில் ஒருவர் கண்மூடினால், அடக்கமும் மற்றக் கருமங்களும் முடிந்த பின் அவருடைய பாஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தார் புத்தளம் பஸ் ஏறுகிறார்கள். கவுண்டரில் மரணச் சான்றிதழைப் பார்க்கும் உத்தியோகத்தர், "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்புகிறார். அடுத்த முறை போனால் "ஜீஎஸ் கடிதத்தில் டீஎஸ் கையெழுத்து இல்லை" என்கிறார். அதற்கடுத்த முறை, வெளிநாட்டிலிருக்கும் மகனின் சம்மதம் எங்கே என்று கேட்கிறார். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் ஒவ்வொரு முறையும் போகிறது. எல்லாக் குறைகளையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் அந்த உத்தியோகத்தருக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் நம்மவர்களும் தாள்களைப் படித்துப் பார்க்காமலே கையளிக்கிறார்கள். திரும்பி வரும் கோப்புகளில் பெரும்பாலானவை வீட்டுத் திண்ணையில் வைத்தே சரிபார்த்திருக்கக் கூடியவை.

முதலில் ஓர் எச்சரிக்கை. இறந்தவரின் ஏடிஎம் அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் எடுக்காதீர்கள். இரகசிய இலக்கம் மகனுக்குத் தெரியும், செலவுக்குக் காசும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மரணத் திகதிக்குப் பின் எடுத்த ஒவ்வொரு ரூபாயும் கணக்குக் கூற்றில் திகதியோடு நிற்கும். பங்காளிகளில் ஒருவர் முறையிட்டால் எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். இறந்தவர் உயிரோடு இருந்தபோது எழுதிக் கொடுத்த அற்றோர்னித் தத்துவமும் இதே போலத்தான். அவர் மூச்சோடு அதுவும் முடிந்துவிடும். "வாப்பா எனக்குப் பவர் தந்திருக்கிறார்" என்று அந்தத் தாளைக் காட்டிப் பணம் எடுப்பது குற்றத்தில் கொண்டுபோய் விடும்.

வங்கியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தக் கணக்குக்கு நாமினி பதிந்திருக்கிறதா?" என்பது. இதைக் கேட்காமலே பலர் ஜீஎஸ் வீட்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 544ஆம் பிரிவு, வைப்பாளர் ஒருவர் தன் இறப்புக்குப் பின் பணத்தைப் பெறுபவரைப் பெயர் குறித்து வைக்க இடம் தருகிறது. அப்படிப் பதிவு இருந்தால் நாமினியின் அடையாள அட்டையும் மரணச் சான்றிதழும் வங்கியின் படிவமும் கோப்பின் பெரும்பகுதியை முடித்துவிடும். நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடும். குடும்பத்துக்குள் பங்குத் தகராறு இருந்தால் அதை வேறு இடத்தில்தான் பேச வேண்டும். பெயர் குறிக்கப்பட்டவர் வைப்பாளருக்கு முன்பே இறந்திருந்தால் அந்த நியமனம் செல்லாது. கூட்டுக் கணக்கு என்றால், "இருவரில் எவரும், அல்லது எஞ்சியிருப்பவர்" என்று கணக்குத் திறந்த படிவத்தில் எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நாமினி இல்லை, கூட்டுக் கணக்கும் இல்லை என்றால்தான் உரித்தாளர்களின் கோரிக்கைப் படிவம் வருகிறது. பெரும்பாலான வங்கிகள் அதனோடு மரணச் சான்றிதழ், பாஸ் புத்தகம் அல்லது நிலையான வைப்புச் சான்றிதழ், உரித்தாளர்களைப் பட்டியலிட்டு பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தர் சான்று, உறவை நிரூபிக்கும் விவாக, பிறப்புச் சான்றிதழ்கள், சத்தியக்கடதாசி, ஈட்டுறுதிப் பத்திரம் ஆகியவற்றைக் கேட்கின்றன. இது சிறிய தொகைக்கான வழி. இறந்தவரின் மொத்தச் சொத்து சட்டம் குறிக்கும் பெறுமதியைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட்டு நிர்வாகக் கடிதம் பெற வேண்டும். நமக்கு அது புத்தளம் மாவட்ட நீதிமன்றம். அந்த எல்லைத் தொகை காலத்துக்குக் காலம் சட்டத் திருத்தத்தால் மாறும். வங்கி தனக்கென்று உள்ளே இன்னொரு எல்லையும் வைத்திருக்கும். ஆகவே இன்றைய தொகை என்ன என்று முகாமையாளரிடமும் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். தேநீர்க்கடையில் கேட்ட தொகையை நம்ப வேண்டாம்.

இனி பெயரைப் பார்ப்போம். கோப்புகள் அதிகம் சிக்கும் இடம் இதுதான். உதாரணத்துக்கு ஒரு கடற்தொழிலாளி. அடையாள அட்டையில் "சேகு முஹம்மது ஹனீபா". பாஸ் புத்தகத்தில் முதலெழுத்துகளோடு ஆங்கிலத்தில் "எஸ். எம். ஹனிபா". மரணத்தை அறிவிக்கப் போன மருமகன் பதட்டத்தில் சொன்னது "மொஹமட் ஹனீபா". மூன்றும் ஒரே ஆள் என்று ஊருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. மரணச் சான்றிதழில் தவறு என்றால் மரணம் பதியப்பட்ட பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இங்கே கவனம். மரணம் நடந்த இடத்தில்தான் பதிவு. வீட்டில் இறந்தால் வண்ணாத்திவில்லுப் பக்கம், புத்தளம் வைத்தியசாலையில் இறந்தால் புத்தளத்தில். தவறான செயலகத்தில் வரிசையில் நின்று திரும்பியவர்கள் நிறையப் பேர். மரணச் சான்றிதழ் சரியாக இருந்து, பாஸ் புத்தகத்தில் மட்டும் முதலெழுத்தோ எழுத்துக்கூட்டலோ வேறு என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசியில் எழுதினால் வழக்கமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவாளரின் புத்தகத்தில் கையெழுத்திடுமுன் எழுதியதை வாசியுங்கள். இறந்தவரின் அடையாள அட்டையைக் கையில் கொண்டு போங்கள். சொல்லி எழுதவைக்க வேண்டாம், அட்டையைப் பார்த்து எழுதவையுங்கள். தகப்பன், தாய் பெயர்களையும் பாருங்கள். அன்று செலவழிக்கும் சில நிமிடங்கள் பின்னால் மாதக்கணக்கான அலைச்சலைத் தடுக்கும்.

அடையாள அட்டை இலக்கம் வேறாக இருக்கிறது என்று பயந்து போகிறவர்களும் உண்டு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழையதன் முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 சேருங்கள், கடைசி எழுத்தை விடுங்கள். வருவது புதிய இலக்கமாக இருந்தால் ஆள் ஒருவரே. கணக்கைப் பழைய இலக்கத்தில் திறந்தவருக்கு இதைக் கவுண்டரில் எழுதிக் காட்டலாம். பழைய இலக்கத்தின் அந்த முதல் ஐந்தில் கடைசி மூன்றும், பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணி, பிறந்த நாள் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்கின்றன. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இப்படிக் கணக்கிட்டு வரும் பிறந்த நாள் பிறப்புச் சான்றிதழிலுள்ள பிறந்த நாளோடு பொருந்துகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது உரித்தாளர் பட்டியல். இதில் தவறு நடந்தால் பணம் கொடுத்த பின்னும் வழக்கு வரும். மேலே சொன்ன கடற்தொழிலாளியின் கணக்கில் 3,60,000 ரூபாய், கடன் எதுவும் இல்லை என்று வைப்போம். மனைவி, இரண்டு மகன், இரண்டு மகள், வயதான தாய் இருக்கிறார்கள். அவர் முஸ்லிம் என்பதால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாதனமற்ற வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு எட்டில் ஒன்று, 45,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 60,000. மீதி 2,55,000 பிள்ளைகளுக்கு, மகனுக்கு மகளின் இரட்டிப்பு. அதாவது மகன் ஒவ்வொருவருக்கும் 85,000, மகள் ஒவ்வொருவருக்கும் 42,500. இதே குடும்பம் பொதுச் சட்டத்துக்குட்பட்ட தமிழ் அல்லது சிங்களக் குடும்பம் என்றால், 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, 1,80,000. மீதிப் பாதி நான்கு பிள்ளைகளுக்கும் சமமாக 45,000. தாய்க்கு இதில் பங்கில்லை.

நான் பார்க்கும் கோப்புகளில் முஸ்லிம் குடும்பங்கள் அடிக்கடி விட்டுவிடுவது அந்தத் தாயைத்தான். அவர் வேறு வீட்டில் இருப்பார், கேட்க மாட்டார், பட்டியலில் பெயர் இராது. மற்றக் குடும்பங்களில் விடுபடுவது முதல் தாரத்துப் பிள்ளை. கிராம உத்தியோகத்தரிடம் முழு விபரத்தையும் சொல்லுங்கள். மறைத்துச் சான்று வாங்கினால் பின்னால் அது பொய்ச் சத்தியக்கடதாசி ஆகிவிடும். ஈட்டுறுதிப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திடுவதே, நாளை வேறொரு உரித்தாளர் வந்தால் வங்கிக்கு ஏற்படும் நட்டத்தை நான் கட்டுகிறேன் என்றுதான். பிணையாளராகக் கையெழுத்துப் போடும் அயலவருக்கும் அதே பாரம் உண்டு. அவரிடம் அதை விளக்கிச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் கையெழுத்தை இங்கே யாரும் போட்டுவிட முடியாது. அவர் அந்நாட்டு இலங்கைத் தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவத்தை உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். அதைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்த பின்தான் வங்கி ஏற்கும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை எந்த வங்கியும் ஏற்காது. 18 வயது ஆகாத பிள்ளையின் பங்கைப் பெரியவர் கையெழுத்திட்டு வாங்கிச் செலவழிக்கவும் முடியாது. அது பிள்ளையின் பெயரில் வைப்பாகுமா, நீதிமன்றக் கட்டளை வேண்டுமா என்பதை வங்கியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

சத்தியக்கடதாசியில் சிறியதொரு விடயம் பெரிய திருப்பலாகிறது. இந்துவும் முஸ்லிமும் பௌத்தரும் உறுதியுரைப்பார்கள், கிறிஸ்தவர் சத்தியம் செய்வார். கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வேறொருவரின் தாளைப் பிரதி எடுத்து, சொல்லை மாற்றாமல் சமாதான நீதவானிடம் நீட்டுகிறார்கள். தாள் சிங்களத்தில் இருந்தால், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு வாசித்து விளக்கியதாக ஒரு வரி இருக்க வேண்டும். தமிழ்ப் படிவம் கேளுங்கள், அது தயங்க வேண்டிய விடயம் இல்லை. எதுவானாலும் வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். தரகர் நிரப்பிக்கொள்வார் என்று விட்டு வராதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். தொகை எழுதாத பற்றுச்சீட்டிலும் வேண்டாம்.

பாஸ் புத்தகத்தையும் வைப்புச் சான்றிதழையும் கையளிக்குமுன் பிரதி எடுத்து, பெற்றதாக முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். மரணத் திகதியன்று இருந்த மீதி எவ்வளவு, அதிலிருந்து கடன் எதுவும் கழிக்கப்படுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அதே வேளையில் அலுமாரியில் அடகுச்சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இறந்தவரின் பெயரில் நகை அடகில் இருந்தால் அந்தக் கிளைக்கு மரணத்தை உடனே எழுத்தில் அறிவியுங்கள். தவணை கடந்த நகை ஏலத்துக்குப் போகும், ஆள் இறந்தது அவர்களுக்குத் தானாகத் தெரியாது. ஓய்வூதியம் அந்தக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தால் பிரதேச செயலகத்துக்கும் அறிவியுங்கள். இறப்புக்குப் பின் வந்த மாதத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள்.

கோப்பு முழுதாக இருந்தும் வங்கி இழுத்தடித்தால், முதலில் கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதம். எந்தத் தாள் குறைகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவு. அதிலும் தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். வங்கிக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகளும் முத்திரை விழுந்த பற்றுச்சீட்டும் இல்லாமல் போனால் அங்கே பேச எதுவும் இருக்காது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பழைய பாஸ் புத்தகம் கிடைத்தால் பணம் போய்விட்டது என்று எறிந்துவிடாதீர்கள். 10 ஆண்டுகள் அசையாத கணக்குகளை வங்கிச் சட்டப்படி கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்கு மாற்றுவார்கள். அங்கே போன பின்னும் உரித்தாளர்கள் அந்தப் பழைய வங்கியின் ஊடாகவே கோரலாம். கேட்கும் தாள்கள் இவையேதான்.